கிளிப் காட்டும் ஆம்பியரும் ஈ.பி. மீட்டரும்

ஆரப்பாளையத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஒயரை வெட்டாமல் அதன்மேல் கவ்வி மாட்டி கரண்ட்டை அளக்கும் கிளிப் சி.டி. சென்சார் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள்.

"அண்ணே, கிளிப் சென்சாரை அயர்ன் பாக்ஸ் வயரில் மாட்டினேன். பாக்ஸ் சுடுது, ரீடிங் பூஜ்யம். சென்சார் போச்சா?" (வில்லாபுரம்)

சென்சார் நல்லாத்தான் இருக்கும். முழு வயரையும் கிளிப்புக்குள் விட்டிருப்பீர்கள். பேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் அதற்குள் எதிரெதிராக ஓடுவதால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அடித்துவிடும். பேஸ் ஒயர் மட்டும்தான் உள்ளே இருக்க வேண்டும்.

அதற்காக அயர்ன் பாக்ஸ் வயரைக் கீறிவிடாதீர்கள். தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் செய்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள். பெட்டிக்குள் மட்டும் மேல் உறையை நீக்கி மூன்று ஒயரையும் பிரித்துவிடலாம். உள் இன்சுலேஷனில் நகக்கீறல்கூட இருக்கக்கூடாது. வேலை முடிந்து பெட்டியை மூடும்வரை பிளக் சுவரில் ஏறக்கூடாது. 1000 வாட் பாக்ஸ் என்றால் 4.3 ஆம்பியர் பக்கத்தில் காட்டும்.

"சின்ன லோடு இந்தக் கிளிப்புக்குத் தெரியாதுன்னு படிச்சேன். அயர்ன் பாக்ஸுக்கும் அதுதானே காரணம்?" (அனுப்பானடி)

படித்தது சரி, அயர்ன் பாக்ஸுக்குப் பொருந்தாது. 4 ஆம்பியர் தாராளமாகத் தெரியும். தகராறு செய்வது செட்டாப் பாக்ஸ், வைஃபை மாதிரி சாமான்கள்தான். இன்னொன்று, எதுவுமே ஓடாதபோதும் கிளிப்பின் ரீடிங்கைக் காட்டும் என் போர்டு 0.15 ஆம்பியர் காட்டியது. அது வெறும் இரைச்சல். அதை நம்பி 230 ஓல்ட்டால் பெருக்கினால் 35 வாட், இரண்டு மாதத்தில் இல்லாத 50 யூனிட்! சின்ன லோடுக்குப் பேஸ் ஒயரைக் கிளிப்புக்குள் ஐந்து முறை விட்டுச் சுற்றி, ரீடிங்கை ஐந்தால் வகுங்கள். கிளிப்பின் வாய் முழுசாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். நடுவில் தூசி இருந்தாலே அளவு குறையும்.

"எங்க வீட்டு போர் மோட்டார் 1 ஹெச்.பி. கிளிப் கணக்குப்படி ரெண்டு மாசத்துக்கு 99 யூனிட். மீட்டர் அவ்வளவு ஏறலை. மீட்டர் மெதுவா ஓடுதா?" (திருமங்கலம்)

உங்கள் கணக்கு இதுதானே: 7.5 ஆம்பியர், 220 ஓல்ட், ஆக 1650, தினம் ஒரு மணி நேரம். இந்த 1650 என்பது வாட் இல்லை, ஓல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்கி வரும் வி.ஏ. மோட்டாரில் கரண்ட் ஓல்ட்டேஜுக்குப் பின்தங்கி வரும். அதனால் இரண்டையும் பெருக்கி வருவது முழுவதும் யூனிட்டாக ஏறாது. அயர்ன் பாக்ஸுக்குச் சரியாக வந்த கணக்கு மோட்டாருக்கு வராததன் காரணம் இதுதான்.

மீட்டரையே சாட்சிக்குக் கூப்பிடுங்கள். முகப்பில் 3200 imp/kWh என்று போட்டிருந்தால், சிவப்பு விளக்கு 3200 முறை மின்னினால் ஒரு யூனிட். ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்து மோட்டாரை மட்டும் ஓட விடுங்கள். என் வீட்டு மோட்டாரும் கிளிப்பில் இதே 7.5 ஆம்பியர்தான். 10 முறை மின்ன 9 விநாடி ஆனது. மணிக்கு 4000 முறை, அதாவது 1.25 யூனிட். 60 நாளைக்கு 75. இனி கிளிப் வி.ஏ.வை 0.76-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய ஒத்துப்போகும். உங்கள் மோட்டாருக்கு வேறு எண் வரலாம், நீங்களே எண்ணுங்கள்.

ஆனால் சாயங்காலம் ஓல்ட்டேஜ் 195-க்கு இறங்கினால் இந்த 0.76-உம் மாறும். எவ்வளவு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. துல்லியம் வேண்டுமென்றால் ஓல்ட்டேஜையும் கூடவே அளக்க வேண்டும்.

"தம்பி, 30 வருஷம் சப்ஸ்டேஷன்ல இருந்தவன். சி.டி. செகண்டரியைத் திறந்து விட்டா ஆளையே அடிக்கும். இதைப் பொம்மை மாதிரி சொல்றியே?" (ஒத்தக்கடை)

ஐயா சொல்வது நியாயம். செகண்டரி என்பது கிளிப்புக்குள் இருக்கும் சுருள்; அதன் முனைகள் எதிலும் சேராமல் இருந்தால் அங்கே ஓல்ட்டேஜ் ஏறிவிடும். SCT-013-030 மாடலில் ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கிறது, 30 ஆம்பியருக்கு 1 ஓல்ட் தரும். SCT-013-000 மாடலில் ரெசிஸ்டர் கிடையாது, 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் கரண்ட்டாகத்தான் தரும். உள்ளே ஒரு காவல் டயோடு உண்டு, அதை நம்பி விளையாடக் கூடாது. ரெசிஸ்டரோடு இணைத்த பிறகு ஒயரில் மாட்டுங்கள். கழற்றும்போது முதலில் ஒயரிலிருந்து எடுங்கள்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டு டி.பி. பாக்ஸைத் திறந்து நானே மாட்டலாமா?" (மேலூர்)

வேண்டாம். மெயினை இறக்கினாலும் மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் ஒயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

"மாடியில சோலார் இருக்கு. பகல்லதான் கிளிப் அதிகமா காட்டுது, இது செலவா வரவா?" (நாகமலை)

கிளிப் மட்டும் இருந்தால் சொல்லவே முடியாது. உள்ளே வந்தாலும் வெளியே போனாலும் அதற்கு ஆம்பியர் ஒன்றுதான். ஓல்ட்டேஜையும் சேர்த்து அளக்கும் போர்டில்தான் பிளஸ், மைனஸ் பிரியும். அப்போது கிளிப்பில் உள்ள அம்புக்குறி எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். மாற்றி மாட்டினால் வரவு செலவாகிவிடும்.