எண்ணை எந்தக் கோட்டில் எழுதினீர்கள்? உயரம், தூரம் பற்றிய முக்கோணவியல் கணக்குகளில் எனக்கு வந்த கேள்விகளும் என் பதில்களும்

கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 45°. உயரம் எவ்வளவு?

எவ்வளவு தள்ளி நின்று பார்த்தீர்கள்? அதைச் சொல்லாமல் கேட்டால், பத்து மீட்டரும் சரி, நூறு மீட்டரும் சரி. கோணம் மட்டும் இருந்தால் விகிதம்தான் கிடைக்கும்.

5 மீ ஏணி தரையோடு 60° கோணத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது. tan போட்டால் 8.7 மீ உயரம் வருகிறது. சரியா?

ஐந்து மீட்டர் ஏணி எட்டரை மீட்டருக்கு மேல் எட்டுமா? ஏணி இங்கே கர்ணம். எனவே sin: 5 × 0.87, ஏறக்குறைய 4.3 மீ.

கண்மட்டம் 1.6 மீ. ஒரு கோபுர உச்சி 30°-இல் தெரிகிறது. அதை நோக்கி நேராக 40 மீ நடந்தால் 60°. எனக்கு 69 மீ வருகிறது, புத்தகத்தில் 36.2. புத்தகம் தவறா?

புத்தகம் சரி. நீங்கள் 40 × tan 60° போட்டிருக்கிறீர்கள். மாதம் தவறாமல் இதே தவறோடு எனக்குக் கேள்வி வருகிறது, நானும் இதையே எழுதுகிறேன்: படத்தைப் போடுங்கள், ஒவ்வொரு எண்ணும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை என்று பாருங்கள். 40 மீ என்பது நீங்கள் நின்ற இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். கோபுரத்தின் அடி வரை அது போகவே இல்லை. அதைச் சின்ன முக்கோணத்தின் அடிப்பக்கமாக எழுதியதும் கணக்கு கெட்டுவிட்டது.

முதல் இடம் A, இரண்டாவது B, உச்சி C என்று வையுங்கள். B-இல் உள்ள 60° முக்கோணம் ABC-க்கு வெளிக்கோணம். அதிலிருந்து A-இன் 30° போனால் C-இலும் 30°. ஆக இது இருசமபக்க முக்கோணம்; BC-யும் 40 மீ. இனி BC கர்ணம், உயரம் 40 × sin 60°, அதாவது சுமார் 34.6. இது கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம்தான். பார்ப்பவர் தரையில் படுத்துக்கொண்டு பார்க்கவில்லையே, 1.6-ஐக் கூட்டுங்கள்: 36.2 மீ. (பாதிப்பேர் இங்கேதான் பேனாவை மூடிவிடுகிறார்கள்.)

சரிபார்ப்பதும் எளிது. B-யிலிருந்து கோபுரம் 20 மீ, A-யிலிருந்து 60 மீ. 34.6-ஐ 60-ஆல் வகுத்தால் 0.577, அது tan 30° தானே? இந்தச் சுருக்குவழி இரண்டாம் கோணம் முதல் கோணத்தின் இரட்டிப்பாக இருந்தால்தான் செல்லும். 30°, 45° என்று வந்தால் இரண்டு tan சமன்பாடுகளைத் தீர்த்தே ஆகவேண்டும்.

50 மீ உயரக் கலங்கரை விளக்கின் உச்சியிலிருந்து படகின் இறக்கக்கோணம் 30°. தூரம் 28.9 மீ தானே?

இல்லை, சுமார் 86.6. இறக்கக்கோணத்தைச் செங்குத்துக் கோட்டோடு சேர்த்துக் குறித்துவிட்டீர்கள். கண்ணிலிருந்து கிடைக்கோடு போட்டு, அதற்குக் கீழே குறிக்க வேண்டும். ஒன்றுவிட்ட கோணமாக அதே 30° படகில் வந்து உட்காரும். கோணம் 45°-க்குக் குறைவென்றால் தூரம் உயரத்தைவிட அதிகமாகத்தான் இருக்கும். உங்கள் விடை அங்கேயே உதைக்கிறது. மறுபடியும், படத்தைப் போடுங்கள்.

கால்குலேட்டரில் tan 60 அடித்தால் 0.32 வருகிறதே?

ரேடியனில் இருக்கிறது. டிகிரிக்கு மாற்றுங்கள்.