ரிவ்யூவுக்குப் பதில் போட்ட டாக்டர்

“கோத்தகிரியில் பதினோரு வருடமாக மனநல கிளினிக் நடத்துகிறேன். கிளினிக் இருக்கும் கட்டடத்தின் ஓனரம்மாவே என் பேஷண்ட். ஃபேஸ்புக்கில் நண்பர், வாட்ஸ்அப்பிலும் பேசுவோம். வாடகைத் தகராறு வந்ததும் கூகுளில் ‘மாத்திரை கொடுத்து அடிமையாக்குகிறார்’ என்று ஒரு ஸ்டார் ரிவ்யூ போட்டார். ‘லித்தியத்தை நீங்களே மூன்று முறை நிறுத்தினீர்கள், உங்கள் கணவருக்கே தெரியும்’ என்று உண்மையைத்தான் பதிலாகப் போட்டேன். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நன்றி கெட்டவர் மேல் அவதூறு வழக்குப் போட முடியுமா?”

போடலாம். போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

வாடகை, நன்றி, பதினோரு வருடப் பெயர் எதுவும் இங்கே கணக்கில் வராது. உங்கள் கேஸ் அந்த ஒரு வரிப் பதிலில் நிற்கிறது. அவர் மனநல சிகிச்சையில் இருப்பதும், என்ன மருந்து என்பதும் அதில் வந்துவிட்டது. 2002 மருத்துவ நெறிமுறை விதிகளின் 7.14, நோயாளியின் ரகசியத்தை நீதிபதி உத்தரவு, குறிப்பிட்ட ஆளுக்கோ சமூகத்துக்கோ கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய மூன்று நிலைகளில்தான் வெளியிட விடுகிறது. பேஷண்ட் உங்களைத் திட்டியது அந்த மூன்றில் இல்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23ஆம் பிரிவும் இதே கடமையைச் சொல்கிறது. மீறினால் 108ஆம் பிரிவுப்படி முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொன்னது உண்மை என்பது அவதூறு வழக்கில் கை கொடுக்கலாம். ரகசியத்தை உடைத்த வழக்கில் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி.

நான் பயப்படுவது அந்தப் பதிலுக்குக்கூட இல்லை. நீங்கள் பெருமையாக அனுப்பி வைத்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்களுக்குத்தான். இரவு 11.40க்கு ‘ரெண்டு நாளா வாந்தி, கை நடுங்குது’ என்று எழுதியிருக்கிறார். அதற்கு மேலே தண்ணீர்த் தொட்டி ரிப்பேர் பற்றிய பேச்சு. உங்கள் பதில் ஒரு கட்டைவிரல், அப்புறம் ‘பார்க்கலாம்’. லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தியும் நடுக்கமும் வந்தால் ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 25 தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி வாட்ஸ்அப்பில் சொன்ன ஆலோசனையும் ஆலோசனைதான், அதற்கும் பதிவேடு வைக்க வேண்டும். உங்களுக்கு அது வீட்டு ஓனரோடு நடந்த அரட்டை. நுகர்வோர் ஆணையத்தில் அது கேஸ் ஷீட். அவதூறு வழக்குப் போட்டால், குறுக்கு விசாரணையில் உங்கள் எதிரே முதலில் நீட்டப்படும் காகிதம் அந்தக் கட்டைவிரல்தான்.

மலை ஊரில் பேஷண்டே ஓனர், பேஷண்டே மளிகைக் கடைக்காரர். அதைத் தவிர்க்கவே முடியாது என்பது எனக்கும் தெரியும். ஓனராக இருப்பவரைப் பார்த்தது தவறில்லை. வாடகையும் வாந்தியும் ஒரே சாட்டில் ஓடியதுதான் தவறு.

இந்தக் கட்டத்தில் கட்சிக்காரர்கள் விழும் குழிகளைச் சொல்கிறேன். சாட்டை அழிக்காதீர்கள். அவர் போனில் அது இருக்கும், அழித்தவர் என்ற பெயர் மட்டும் உங்களுக்கு மிஞ்சும். கூகுள் பதிலை முதலில் தேதி தெரியும்படி படம் எடுத்துவிட்டு, பிறகு இன்றே நீக்குங்கள். அவருக்கு ‘சாரி’ என்று ஒரு வரி கூட அனுப்ப வேண்டாம், நேரில் போகவும் வேண்டாம். என்னிடம் வந்த ஒரு டாக்டர் சமாதானம் பேச ஸ்வீட் பாக்ஸோடு பேஷண்ட் வீட்டுக்குப் போனார். வாசல் கேமராவில் அது பதிவாகி, மிரட்டினார் என்று இரண்டாவது புகார் வந்தது. எல்லோரும் மறப்பது இன்சூரன்ஸ். தொழில்முறைப் பொறுப்பு பாலிசி இருந்தால், மன்னிப்பிலோ பணத்திலோ கை வைக்கும் முன் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொண்டால் பணம் தர மாட்டோம் என்று கைவிரிக்க இடம் கிடைத்துவிடும்.

என் யோசனை: சமாதானமாகப் போங்கள், அதுவும் சீக்கிரம். மருத்துவக் கவுன்சிலில் புகார் பதிவாகிவிட்டால் நீங்கள் இருவரும் கைகுலுக்கியதால் மட்டும் அது மூடப்படும் என்று நம்ப முடியாது. இப்போது வெறும் நோட்டீஸ்தான். வக்கீல் மூலமாகப் பதில் கொடுத்து, வெளியிட்டதற்கு மட்டும் வருத்தம் தெரிவியுங்கள். சிகிச்சையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஊட்டியிலோ கோவையிலோ வேறு மனநல மருத்துவரிடம் அவரை மாற்றிவிட ஏற்பாடு செய்து, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேட்டு நகலைக் கொடுங்கள். வாடகைப் பாக்கியைத் தனி ஒப்பந்தமாகப் போடுங்கள். ரிவ்யூவை எடுத்தால் வாடகை குறையும் என்று ஒரே தாளில் எழுதினால், அதைப் படிப்பவர் பேரம் என்றுதான் சொல்வார்.

அந்த ரிவ்யூ கூகுளில் இருந்துவிட்டுப் போகட்டும்.