பணம் வராமல் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதலாமா? ஃபைனல் செட்டில்மென்ட் கேள்வி பதில்

சார், நாளைக்கு எனக்குக் கடைசி நாள். “சேர வேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி நிறுவனத்தின் மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை”னு ஒரு தாள் தர்றாங்க. பணம் இன்னும் வரலை. 6 வருஷம் 8 மாசம் சர்வீஸ், பேசிக் 26,000, மொத்தச் சம்பளம் 45,000. கையெழுத்து போடலாமா?

இப்படியே போடாதீங்க. அந்த ஒரு வரியில் ரெண்டு விஷயம் இருக்கு: பணம் வாங்கிட்டேன் என்பது ஒன்று, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்பது இன்னொன்று. முதலாவது இன்னும் நடக்கவே இல்லை. பேரோல் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், தகராறு வந்தால் கம்பெனி முதலில் எடுத்து நீட்டுவது இந்தத் தாளைத்தான்.

முதலில் கணக்குத் தாளைக் கேளுங்க, மொத்தத் தொகை மட்டும் போதாது. உங்கள் கிராஜுவிட்டியைப் பார்ப்போம். 26,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,000, வருஷத்துக்கு 15 நாள் என்றால் 15,000. ஆறு மாசத்துக்கு மேல் போன கடைசி வருஷம் முழு வருஷமாகச் சேரும், அதனால் உங்களுக்கு 7 வருஷம், 1,05,000 வரணும். தாளில் 90,000 என்று இருந்தால் 6 வருஷம்தான் போட்டிருக்காங்க என்று அர்த்தம். ஒற்றைத் தொகையாகக் காட்டினால் இந்த 15,000 கண்ணிலேயே படாது.

அப்புறம் நோட்டீஸ் பிடித்தம். எத்தனை நாளுக்குப் பிடிச்சிருக்காங்க, எந்தச் சம்பளத்தின் மேல்? லீவுக்குப் பணம் தரும்போது பேசிக்கை வைத்துக் கணக்கு போட்டுவிட்டு, நோட்டீஸுக்குப் பிடிக்கும்போது மொத்தச் சம்பளத்தை எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. உங்கள் நியமனக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கு என்று பார்த்துட்டுப் பேசுங்க.

எல்லாம் சரி என்றால் தாள் இப்படி இருக்கலாம்: “இணைத்துள்ள கணக்கின்படி ரூ. ..., ... தேதியில் என் வங்கிக் கணக்கில் வரவானது. பி.எஃப்., இன்னும் முடிவாகாத ஊக்கத்தொகை ஆகியவை இதில் அடங்காது.” தொகை, தேதி, இணைப்பு மூன்றும் இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம்.

அண்ணா, கையெழுத்து போட்டாதான் ரிலீவிங் லெட்டர்னு ஹெச்.ஆர். மேடம் சொல்றாங்க. புது கம்பெனியில திங்கட்கிழமை சேரணும். என்ன பண்றது?

இந்த நெருக்கடியில் மறுத்துட்டு நில்லுன்னு சொல்ல எனக்கு மனசு வராதும்மா. கையெழுத்துக்கு மேலேயே உங்கள் கையால் “தொகை என் கணக்கில் வந்து சேர்வதற்கு உட்பட்டு” என்று எழுதி, அன்றைய தேதி போடுங்க. தேதி இல்லாத தாளில் மட்டும் போட்டுடாதீங்க. போட்டோ எடுத்துக்கிட்டு, இன்ன தாளில் கையெழுத்திட்டேன், பணம் இன்னும் வரவில்லை என்று அன்றைக்கே ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்க. எழுத விடமாட்டேன் என்றால் அந்த மெயில்தான் உங்களுக்கு ஆதாரம். 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீங்களே ராஜினாமா செய்தாலும் சம்பளப் பாக்கி இரண்டு வேலை நாட்களுக்குள் வரணும். அதையும் மெயிலில் ஒரு வரி சேருங்க.

ஒரு தடவை கையெழுத்து போட்டா முடிஞ்சது, கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது. என் நண்பர் 4 வருஷம் 9 மாசத்துல விட்டார், 5 வருஷம் ஆகலைன்னு கிராஜுவிட்டியும் கிடையாது. சரிதானே?

பாதி சரி. கையெழுத்து போட்டால் கஷ்டம் கூடும் என்பது உண்மை, ஏன்னா பணம் வரலை என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் கிராஜுவிட்டி சட்டம் தரும் உரிமை, அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக் குறைக்க முடியாது. வங்கி ஸ்டேட்மென்ட்டும் பேசும்.

நண்பர் விஷயத்தில், ஐந்தாவது வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998-இல் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கு. வாரம் 5 நாள் வேலை செய்யும் இடம் என்றால் 190 நாள். ஆனாலும் பல கம்பெனிகள் 5 வருஷம் என்றே பிடிவாதம் பிடிக்கும், அவர் எழுதிக் கேட்டுத்தான் பார்க்கணும்.

என் செட்டில்மென்ட்ல பி.எஃப். பணமே வரலைங்க. ஏமாத்திட்டாங்களா?

இல்லைங்க, அது கம்பெனி கையில் இல்லை, பி.எஃப். அலுவலகத்தில் இருக்கு. பாஸ்புக்கில் கடைசி மாசம் வரை வரவு ஏறியிருக்கா, வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கா என்று மட்டும் பாருங்க. தேதி ஏறாவிட்டால் பணம் எடுக்கப் போகும்போது அங்கேயே நின்றுவிடும்.

மார்ச் 20 கடைசி நாள். வருஷம் முழுக்க உழைச்ச வேரியபிள் பே ஏப்ரல்ல வரும், ஆனா கணக்குல ஒரு ரூபாகூட இல்லை. கேக்கலாமா?

கேளுங்க, கிடைக்குமா என்பதை உங்கள் கடிதம் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. “பட்டுவாடா தேதியில் பணியில் இருக்க வேண்டும்” என்று இருந்தால் கடினம். அப்படி இல்லை என்றால் வாதிட இடம் இருக்கு. அது முடிவாகும் வரை “எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற வரியை அடிக்கச் சொல்லுங்க, அல்லது “வேரியபிள் பே நீங்கலாக” என்று எழுதிட்டுக் கையெழுத்து போடுங்க.