அரக்கோணத்தில் டிக்கெட் மெஷின்: கேள்வி பதில்

ராணிப்பேட்டையிலிருந்து ஒருவர்: நோட்டை எங்கே போடணும்? மீதிச் சில்லறை எங்கே வரும்?

நோட்டு வாங்கும் மெஷின் இல்லைங்க இது. ஸ்மார்ட் கார்டு, இல்லையென்றால் திரையில் வரும் கியூஆரை யுபிஐயில் ஸ்கேன் செய்யலாம். பக்கத்தில் ரயில்வே அமர்த்திய உதவியாளர் இருந்தால், அவர் தன் கார்டில் டிக்கெட் எடுத்துத் தருவார். டிக்கெட்டில் அச்சான தொகையை மட்டும் கொடுத்து, மீதியை அங்கேயே எண்ணி வாங்குங்கள்.

சோளிங்கர் வாசகி: சென்னை சென்ட்ரலுக்கு எடுத்தேன். பிருந்தாவனில் ஏறினால் போதும்தானே?

போதாதும்மா. ஊரைத் தேர்ந்ததும் ரயில் வகை கேட்கும்: சாதாரணம், மெயில்/எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட். பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் மூன்றுக்கும் ஊர் ஒன்று, கட்டணம் வேறு. ரயில் எண்ணைப் பாருங்கள். புறநகர் மின்சார ரயில் 4-இல் தொடங்கும், அதற்குச் சாதாரணம். ஏலகிரி 16-இல் தொடங்குவதால் மெயில்/எக்ஸ்பிரஸ். பிருந்தாவன் 12639, 12640. 12, 20, 22-இல் தொடங்குபவை சூப்பர்ஃபாஸ்ட். இரண்டாம் வகுப்புக்கு எக்ஸ்பிரஸ் கட்டணத்துக்கு மேல் 15 ரூபாய் கூடும். முதலில் வந்த ரயிலில் ஏறலாம் என்றிருந்தால், எது வரும் என்று பார்த்துவிட்டு மெஷினைத் தொடுங்கள்.

வாலாஜா அண்ணன்: அந்த 15 ரூபாயை டிடிஇ கையில் கொடுத்தா முடிஞ்சது.

பாதி சரி அண்ணே. ஏறும் முன்பே ரயில் மேலாளரிடம், அதாவது பழைய பெயரில் ரயில் கார்டிடம், சொல்லி அனுமதிச் சீட்டு வாங்கினால் வித்தியாசம் மட்டும். சொல்லாமல் பிடிபட்டால் வித்தியாசத்தோடு குறைந்தது 250 ரூபாய் சேரும். அதோடு, சாதாரண டிக்கெட்டுக்கு வித்தியாசம் 15 மட்டுமல்ல.

வாலாஜா அண்ணன்: கார்டு கடைசிப் பெட்டியில இருக்காரு. ரெண்டு நிமிஷ ஸ்டாப்பிங்ல யார் ஓடுறது?

அது நியாயமான கேள்வி. வயதானவர்களுக்கு முடியாது. விதி இருந்தாலும் அவசரத்தில் கைகொடுக்காது, அதனால்தான் மெஷினிலேயே சரியாக எடுக்கச் சொல்கிறேன்.

காட்பாடி மாணவர்: யுபிஐயில் பணம் போயிடுச்சு, டிக்கெட் வரலை. மறுபடி ஸ்கேன் பண்ணவா?

உடனே வேண்டாம். அச்சுத் தாள் தீர்ந்திருந்தால் இரண்டாம் முறையும் வராது. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை எடுத்து வைத்துக் கவுண்டருக்குப் போங்கள். ஃபோனில் 'பணம் போனது' என்று இருப்பது டிக்கெட் ஆகாது.

ஆற்காட்டிலிருந்து: கார்டு வைத்தேன், டிக்கெட் வரவில்லை.

அச்சாகி விழும்வரை கார்டை ரீடரிலிருந்து எடுக்கக் கூடாது.

திருத்தணி: ரசீது தனியா வருமா?

டிக்கெட்டேதான் ரசீது. கையில் வந்ததும் ஊர், ஆள் எண்ணிக்கை, ரயில் வகை மூன்றையும் படியுங்கள்.

சித்தூரிலிருந்து: எந்த ரயிலுக்கு எந்த வகை?

மேலே சோளிங்கர் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். எண்ணைப் பாருங்கள்.