மத்தேயு 5:3-இல் யார் அந்த எளியவர்கள்?

"ஆவியில் எளிமையுள்ளவர்கள் என்றால் விசுவாசம் குறைந்தவர்களா? அவர்களுக்கு எப்படிப் பரலோகராஜ்யம்?"

இல்லை. கடவுளிடம் காட்டத் தன் கையில் ஒன்றும் இல்லை என்று உணர்ந்து, அவரை மட்டுமே நம்பி நிற்பவர்கள்தான் அவர்கள். விசுவாசம் அங்கேதான் தொடங்குகிறது.

"ஆவி" என்பதைப் பக்தியின் அளவாக எடுத்துக்கொண்டதால் குழப்பம் வந்திருக்கலாம். இங்கே அது மனிதனின் உள்ளம். பண்டைய யூத எழுத்துகளான சவக்கடல் சுருள்களில் ஒன்றான போர்ச் சுருளிலும் இதே சொற்றொடர் வருகிறது. அங்கே அது குறையே அல்ல. கடவுளின் பக்கம் நிற்பவர்களை அப்படி அழைக்கிறார்கள்.

ஏசாயா 66:2-ஐ எடுத்துப் பாருங்கள். வானமும் பூமியும் என் கை உண்டாக்கியவை என்று சொல்லும் கடவுள், சிறுமைப்பட்டு ஆவியில் நொறுங்குண்டவனையே நோக்கிப் பார்க்கிறார். அப்புறம் லூக்கா 18:9-14. ஆலயத்தில் பரிசேயன் தன் உபவாசத்தையும் தசமபாகத்தையும் கணக்குச் சொல்கிறான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று, கண்களை ஏறெடுக்கவும் துணியாமல் மார்பில் அடித்து இரக்கம் கேட்கிறான். நீதிமானாக்கப்பட்டு வீடு திரும்பியவன் அவன்தான்.

ஆனால் இதை வெறும் மனத்தாழ்மையாகச் சுருக்கிவிடாதீர்கள். லூக்கா 6:20 நேரடியாகத் தரித்திரரையே பாக்கியவான்கள் என்கிறது. 6:24 ஐசுவரியவான்களுக்கு ஐயோ என்கிறது. வறுமையில் ஒடுக்கப்பட்டு, கடவுளைத் தவிர வேறு துணையில்லாத சங்கீதங்களின் எளியவர்கள் மத்தேயுவின் வரிக்குள்ளும் இருக்கிறார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.