டைம் செட் பண்ணி வெச்ச போஸ்ட்டை வெளியே போகாம தடுப்பது எப்படி?

*"பஃபர்ல ஒரு மாசத்துக்கு போஸ்ட் போட்டு வெச்சிருக்கேன். அதுல சிலதை வெளியாகறதுக்கு முன்னாடி நீக்கணும். டெலீட் கொடுத்தா போதுமா? நிஜமாவே நின்னுடுச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?"*

போதாது. பஃபர் மாதிரி, ஏற்றி வைத்த போஸ்ட்டைக் குறித்த நேரத்தில் தானாக வெளியிடும் கருவிகளில், நீக்குவதற்கு முன்னால் வரிசையை நிறுத்துங்கள். நீக்கிய பிறகு, அதே போஸ்ட் வேறு எங்காவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டாவது வேலையை விட்டதால் ஒரு முறை பட்டிருக்கிறேன், அதனால் அதையே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயலால் சென்னையில் விடாமல் மழை. வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நான் கோயம்புத்தூரில் இருந்தேன். சென்னையில் இருக்கும் ஒரு பர்னிச்சர் கடையின் சமூக ஊடகப் பக்கங்களை நாங்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். நவம்பர் கடைசியிலேயே டிசம்பருக்கான 14 போஸ்ட்டை எழுதி அப்படி ஒரு கருவியின் வரிசையில் ஏற்றியிருந்தோம். அதில் ஐந்து, மழைக்காலத் தள்ளுபடி விளம்பரங்கள். காலையில் வாட்ஸப்பில் வெள்ளப் படங்கள் வர ஆரம்பித்ததும் அவற்றை நீக்க உட்கார்ந்தேன்.

14 என்று நாங்கள் எண்ணியது கருவியின் கணக்கில் 42. எழுதும்போது ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் மூன்றையும் டிக் செய்து ஒரே தடவையில்தான் அனுப்புகிறோம். ஆனால் உள்ளே போனதும் அது மூன்று தனித்தனி போஸ்ட் ஆகிவிடுகிறது. பஃபரிலும் ஒவ்வொரு சேனலுக்கும் தனி வரிசைதான். ஃபேஸ்புக் வரிசையில் ஒன்றை நீக்கினால் இன்ஸ்டாகிராமில் இருக்கும் அதன் ஜோடி அசையாது. அதனால் நீக்க வேண்டியது ஐந்து அல்ல, பதினைந்து. ஒவ்வொரு சேனலையும் இடது பக்கப் பட்டியலில் திறந்து, Queue-வில் அந்த போஸ்ட்டைத் தேடி நீக்க வேண்டும். எதை எங்கே நீக்கினேன் என்று ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே போனேன். இன்றும் அப்படித்தான் செய்கிறேன். பதினைந்தில் ஒன்று விட்டுப்போனாலும் தாளில் தெரிந்துவிடும்.

இப்படி ஒவ்வொன்றாக நீக்க நேரம் ஆகும். அதற்குள் அடுத்த போஸ்ட்டின் நேரம் வந்துவிடலாம். அதனால்தான் முதலில் நிறுத்தச் சொல்கிறேன். பஃபரில் சேனலின் செட்டிங்ஸுக்குள் Pause Queue இருக்கிறது. ஒவ்வொரு சேனலுக்கும் தனியாகப் போட வேண்டும். ஸ்ப்ரௌட் சோஷியல் மாதிரி சில கருவிகளில் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தலாம். நிறுத்திவிட்டால் பதறாமல் படித்துப் பார்த்து நீக்க முடியும். ஆனால் மறுபடி இயக்கும்போது கவனம் வேண்டும். நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் தேதி கடந்துபோன போஸ்ட்டுகள் அப்படியே கிடக்குமா, இயக்கிய உடனே கிளம்புமா என்பது கருவிக்குக் கருவி மாறும். ஒவ்வொன்றின் தேதியையும் பார்த்து, தேவையானால் மாற்றிவிட்டுத்தான் நான் இயக்குவேன்.

பதினைந்தையும் நீக்கி, மூன்று வரிசையையும் மறுபடி ஒரு முறை பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கடைக்காரருக்கு "எல்லாம் நிறுத்தியாச்சு அண்ணா" என்று மெசேஜ் போட்டேன்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு போஸ்ட் வெளியானது. மழை பெய்யும் ஜன்னல், பக்கத்தில் ஒரு சோபா, "இந்த மழைக்கு வீட்டிலேயே சொகுசா சாய்ஞ்சுக்கோங்க, 30 சதவீதம் தள்ளுபடி" என்று வாசகம். முதலில் வந்த கமென்ட்: "எங்க வீட்டு சோபா இப்ப தண்ணில மிதக்குது." அதை எழுதிய பெண்ணின் புரொஃபைலில் வேளச்சேரி என்று இருந்தது. போஸ்ட்டைப் பக்கத்திலிருந்தே நீக்க எனக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. அதற்குள் அதைப் பார்த்தவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் கடையின் பெயரில் மன்னிப்பு கேட்டு எழுதினேன்.

நான் நீக்கியது சரியாகத்தான் நீங்கியிருந்தது. இந்த போஸ்ட் அந்தக் கருவிக்குள்ளேயே இல்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பி, பல படங்களை ஆல்பமாகப் போடுவதற்காக, இரண்டு போஸ்ட்டை மட்டும், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சொந்தக் கருவியான மெட்டா பிசினஸ் சூட்டில் நேரடியாக டைம் செட் செய்து வைத்திருந்தார். பஃபர் போன்ற வெளிக் கருவியில் ஏற்றும் போஸ்ட், அதன் நேரம் வரும்வரை அந்தக் கருவியின் சர்வரில்தான் இருக்கும். நேரம் வந்ததும்தான் ஃபேஸ்புக்குக்குப் போகும். மெட்டா பிசினஸ் சூட்டில் வைத்ததோ தொடக்கத்திலிருந்தே மெட்டாவிடம் இருக்கிறது. ஒன்றின் காலண்டரில் இருப்பது மற்றதில் தெரியும் என்று எதிர்பார்க்கக் கூடாது. போஸ்ட் எங்கே வைக்கப்பட்டதோ அங்கே போய்த்தான் நீக்க முடியும்.

அதனால் பஃபரை முடித்த கையோடு மெட்டா பிசினஸ் சூட்டைத் திறந்து, Content பகுதியில் Scheduled என்பதைப் பாருங்கள். அங்கே ஏதாவது இருந்தால் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டு நீக்கலாம், அல்லது நேரத்தை மாற்றலாம். யூடியூப் சேனல் இருந்தால் யூடியூப் ஸ்டூடியோவிலும், லிங்க்ட்இனில் நேரடியாக டைம் செட் செய்யும் பழக்கம் இருந்தால் அங்கேயும் ஒரு பார்வை போதும். குழுவாக வேலை செய்கிறவர் என்றால், "வேற எங்கயாவது போட்டு வெச்சிருக்கீங்களா?" என்று ஒவ்வொருவரையும் போனில் கேளுங்கள். அன்று அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பார்.

இன்னொரு விஷயம், நேரம். வெளியாக இரண்டு மூன்று நிமிஷம்தான் இருக்கிறது என்றால் டெலீட்டை நம்பி எழுந்து போகாதீர்கள். கருவி அனுப்பும் வேலையைத் தொடங்கிய பிறகு நீங்கள் நீக்கினால், உங்கள் திரையில் மறைந்தாலும் பக்கத்தில் வந்து நிற்கலாம். அந்த நேரம் தாண்டும்வரை பக்கத்தைத் திறந்து வைத்துப் பாருங்கள். வந்துவிட்டால் ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ நேரடியாகப் போய் நீக்குங்கள். வெளியான போஸ்ட்டைக் கருவியின் Sent பட்டியலில் நீக்கினால் பெரும்பாலும் அந்தப் பட்டியலிலிருந்துதான் போகும், பக்கத்தில் அப்படியே இருக்கும்.

கடைசியாக, நீக்கியே ஆக வேண்டுமா என்று ஒரு நொடி யோசியுங்கள். வரிசையிலிருந்து நீக்கியதைத் திரும்ப எடுக்கக் குப்பைத்தொட்டி இருக்கும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசகம், படம், ஹேஷ்டேக் எல்லாம் சேர்ந்தே போய்விடும். தவறான விலை, தவறான படம் என்றால் நீக்குங்கள். நேரம்தான் பொருந்தவில்லை என்றால் டிராஃப்ட்டுக்கு மாற்றுங்கள். டிராஃப்ட்டில் இருப்பது தானாகக் கிளம்பாது. அன்று ராத்திரி டிசம்பரின் மீதி ஒன்பது போஸ்ட்டையும் அப்படித்தான் மாற்றி வைத்தோம். ஜனவரி இரண்டாவது வாரத்தில், நனைந்த மர சாமான்களை எப்படிக் காய வைப்பது என்று புதிதாக ஒன்று எழுதி அதை முதலில் போட்டோம். அதன்பிறகுதான் அந்த ஒன்பதையும் தேதி மாற்றி ஒவ்வொன்றாக வெளியே விட்டோம்.