மின்னஞ்சலுக்குப் பதில் தராத விமான நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

கேள்வி: ரொறன்ரோவில் நடந்த மருமகளின் கலியாணத்துக்குப் போய், 2025 மார்ச் 3ஆம் திகதி கட்டுநாயக்கவில் வந்து இறங்கினேன். போக வர ஒரே பயணச்சீட்டு. இரண்டு பொதிகளில் ஒன்று வரவில்லை. பொதி வராததை விமான நிலையத்தில் முறையிடும் பி.ஐ.ஆர். படிவத்தை அங்கேயே கொடுத்தேன். நட்டஈடு கேட்ட மின்னஞ்சல்களுக்கு மூன்று மாதமாகப் பதில் இல்லை. கடிதம் எழுதினால் பலன் உண்டா? – வாசகி, நல்லூர்

பதில்: பலன் உண்டு. ஆனால் அது பொதியைத் தேடித் தரும்படி வேண்டும் கடிதமாக இருக்கக்கூடாது. சர்வதேச விமானப் பயணத்தில் நிறுவனங்களின் பொறுப்பை வகுப்பதும் இலங்கையும் கனடாவும் ஏற்றுக்கொண்டுள்ளதுமான 1999ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரைப்படி, வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் கடந்தும் பொதி வந்து சேராவிட்டால், அதைத் தொலைந்ததாகக் கொண்டு நட்டஈடு கோரப் பயணிக்கு உரிமை பிறக்கிறது. உங்கள் விடயத்தில் அந்தக் காலம் மார்ச் 24ஆம் திகதியுடன் முடிந்துவிட்டது. ஆகவே கடிதத்தின் முதற் பந்தியிலேயே பின்வருமாறு எழுதுங்கள்:

"மேற்குறித்த பொதி 21 நாட்கள் கடந்தும் ஒப்படைக்கப்படாமையால், மொன்றியல் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரையின் கீழ் அது தொலைந்ததாகக் கொண்டு நட்டஈடு கோருகிறேன். இக்கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தராவிடின் வழக்குத் தொடர்வேன்."

பதிலுக்கான கெடு நீங்கள் விதிப்பது, சட்டம் விதித்ததன்று. இதற்கு மேலே பி.ஐ.ஆர். இலக்கம், பொதி ஒட்டுச்சீட்டின் இலக்கம், பறப்பு இலக்கம் ஆகிய மூன்றையும் குறிப்பிடுங்கள்.

அடுத்தது தொகை. 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கான உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்பனவு உரிமைகள். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ஒன்றின் பெறுமதி ஓர் அமெரிக்க டொலரைவிட அதிகம். இந்த வரம்பு பொதிக்கு அல்ல, ஆளுக்கு. அதுவும் தானாகக் கிடைக்கும் தொகையல்ல, இழப்பை நீங்கள் காட்ட வேண்டும். "உடுப்புகள், பரிசுப் பொருட்கள்" என்று ஒரே வரியில் எழுதினால் குறைத்து மதிப்பிட அவர்களுக்கு வழி திறந்துவிடுவீர்கள். கூறைச்சேலை என்றால் எந்த ஆண்டு, எவ்வளவுக்கு வாங்கியது என்பதை எழுதுங்கள். பற்றுச்சீட்டு இல்லையென்றால் அதை உடுத்தி எடுத்த கலியாணப் படத்தையும் வங்கி அட்டைக் கணக்குக்கூற்றையும் இணையுங்கள். (நகையைப் பொதியில் வைத்திருந்தால் அதற்கான கோரிக்கையை நிறுவனம் கடுமையாக எதிர்க்கும்; நம்மவர் பலர் இந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்துவதே இல்லை.)

கடிதத்தை நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். முன்னைய மின்னஞ்சல்களைத் திகதி வரிசையில் அச்சிட்டு இணையுங்கள். மூல ஆவணம் எதையும் அனுப்ப வேண்டாம்.

இழுத்தடித்தால் காலக்கெடுவைக் கவனியுங்கள். வந்திறங்கிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 2027 மார்ச் தொடங்குமுன், வழக்கைத் தாக்கல் செய்துவிடுவதே பாதுகாப்பு. அதற்குப் பின் உரிமை அற்றுப்போகும், மின்னஞ்சல் பரிமாற்றம் அந்தக் காலத்தை நீட்டாது. போக வர ஒரே பயணச்சீட்டில் இலங்கையிலிருந்து புறப்பட்டதால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் சென்றடையும் இடம் இலங்கையே. எனவே இங்கேயே வழக்கிடலாம். ரொறன்ரோவில் பயணத்தைத் தொடங்கி, போக வர ஒரே பயணச்சீட்டில் இங்கு வந்த உறவினர் ஒருவரின் பொதி தொலைந்திருந்தால், அவருக்குச் சென்றடையும் இடம் ரொறன்ரோ ஆகிவிடும்.